சரிவகமா, பரவளையமா? பிழையைப் பார்த்து முடிவு செய்வோம்

e^(-x²) என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளை வைத்து இதன் தொகையீட்டை எழுத முடியாது. சரி, தோராயமாகத்தான் கணக்கிட வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு: சரிவக விதி, சிம்ப்சன் விதி. முன்னது அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. பின்னது மும்மூன்று புள்ளிகள் வழியே பரவளையம் வரைகிறது. அதனால்தான் அதற்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் துண்டுகள் வேண்டும்.

நான்கு துண்டுகள் போதும், அதாவது h = 0.25. ஐந்து இடங்களில் சார்பின் மதிப்பு 1, 0.939413, 0.778801, 0.569783, 0.367879. இந்த ஐந்து எண்களையே இரண்டு விதிகளும் பயன்படுத்துகின்றன. எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதில்தான் வித்தியாசம்.

```
T4 = (0.25/2)·(1 + 2·0.939413 + 2·0.778801 + 2·0.569783 + 0.367879) = 0.742984
S4 = (0.25/3)·(1 + 4·0.939413 + 2·0.778801 + 4·0.569783 + 0.367879) = 0.746855
```

உண்மை மதிப்பு 0.746824. சரிவகத்தின் பிழை 0.0038, சிம்ப்சனின் பிழை 0.00003. அதே உழைப்பில் நூறு மடங்குக்கும் மேல் துல்லியம்.

ஆனால் உண்மை மதிப்பு தெரியாதபோது பிழையை எப்படி அறிவது? பாடத்தில் படிக்கும் வரம்பு ஒன்று உண்டு. சரிவகத்துக்கு (b-a)h²/12 என்பதை இரண்டாம் வகைக்கெழுவின் மீப்பெரு அளவால் பெருக்க வேண்டும். இங்கே அந்த அளவு 2, எனவே வரம்பு 0.0104. உண்மைப் பிழை அதில் பாதிகூட இல்லை. காரணம், வளைவு முதலில் நாணுக்கு மேலேயும் x = 0.707-ஐத் தாண்டியதும் கீழேயும் போகிறது. பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. சிம்ப்சனுக்கு (b-a)h⁴/180-உடன் நான்காம் வகைக்கெழு வேண்டும். அதைக் கையால் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சலிப்பான வேலை என்று தெரியும்.

அதனால் நான் பெரும்பாலும் நாடுவது துண்டுகளை இரட்டிப்பாக்கும் வழியைத்தான். h பாதியானால் சரிவகத்தின் பிழை சுமார் 4-ல் ஒரு பங்காகும், சிம்ப்சனின் பிழை சுமார் 16-ல் ஒரு பங்காகும். ஆக, பழைய விடைக்கும் புதிய விடைக்கும் உள்ள வித்தியாசத்தை முன்னதில் 3-ஆலும் பின்னதில் 15-ஆலும் வகுத்தால் புதிய விடையின் பிழை கிடைக்கும். S8 = 0.746826. S4-லிருந்து வித்தியாசம் 0.0000293, அதை 15-ஆல் வகுத்தால் 0.00000195. உண்மைப் பிழை 0.00000199. அருமையாகப் பொருந்துகிறது.

இப்போது √x-ஐ அதே 0 முதல் 1 வரை எடுத்துக்கொள்வோம். உண்மை விடை 2/3. சிம்ப்சன் தரும் விடைகள் இவை:

```
S2 = 0.638071
S4 = 0.656526
S8 = 0.663079
```

15-ஆல் வகுக்கும் வழக்கப்படி S8-ன் பிழை 0.00044 என்று வரும். உண்மையில் அது 0.0036, எட்டு மடங்கு! இப்படி ஏமாறுவதுதான் ஆபத்து, ஏனென்றால் விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது. x = 0-ல் √x-ன் சரிவு எல்லையில்லாமல் செங்குத்தாகிவிடுவதால், நான்காம் வகைக்கெழுவை நம்பியிருக்கும் 16 என்ற கணக்கு அங்கே செல்லாது.

இதைக் கண்டுபிடிக்க உண்மை விடை தேவையில்லை, மூன்று விடைகள் போதும். முதல் வித்தியாசம் 0.018455, அடுத்தது 0.006553. முதலதை அடுத்ததால் வகுத்தால் 2.8. சிம்ப்சன் ஒழுங்காக வேலை செய்தால் இது 16-ஐ நெருங்க வேண்டும். சரிவகத்துக்கும் இங்கே பிழை ஏறத்தாழ 2.8 மடங்குதான் குறைகிறது. பரவளையத்தால் குறையும் வேகம் கூடவில்லை. துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே போவதைவிட x = t² என்று பிரதியிடுவது நல்லது. சார்பு 2t² ஆகிவிடும், அதுவே ஒரு பரவளையம் என்பதால் சிம்ப்சன் இரண்டே துண்டுகளில் துல்லியமாக 2/3 தரும்.

அப்புறம், சரிவகமே வெல்லும் இடமும் உண்டு. e^(cos x)-ஐ 0 முதல் 2π வரை, அதாவது ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் உண்மை மதிப்பு 7.954927. எட்டுத் துண்டுகளில் சரிவகம் 7.954928 தருகிறது, சிம்ப்சன் 7.943463 தருகிறது. S8 என்பது (4·T8 − T4)/3 தான். காலமுறைச் சார்புகளில் T8 ஏற்கெனவே மிகத் துல்லியமாக இருக்க, 7.989323 என்ற மோசமான T4-ஐ அதோடு கலந்து கெடுத்துக்கொள்கிறோம். முழுச் சுற்றாக வரும் மென்மையான சார்பு என்றால் நான் யோசிக்காமல் சரிவகத்தையே எடுப்பேன். மற்ற இடங்களில் சிம்ப்சன், ஆனால் மூன்று விடைகளையும் எழுதி அந்த விகிதத்தைப் பார்த்த பிறகு.