ஒரே மேசை, இரண்டு உயரம்: பிள்ளைகளின் படிப்பறை சில ஆண்டுகளுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் படிப்பறை என்று சொல்லிக்கொள்வது பத்துக்கு எட்டு அடியில் ஓர் அறை. இரவில் அதே அறையில்தான் பிள்ளைகள் தூங்குவார்கள், பீரோவும் அங்கேதான். மகள் ஐந்தாம் வகுப்பும் மகன் ஒன்றாம் வகுப்பும் படிக்கும்போது ஒரு சுவரை ஒட்டி 150 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரே மேசை போட்டோம். மகள் இப்போது எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. புதிதாகப் போட்டபோது எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தது. எது நின்றது, எது நிற்கவில்லை என்பது பிள்ளைகள் வளர வளரத்தான் தெரிந்தது.

முதல் கேள்வி உயரம். ஒருத்தி 138 செ.மீ., இன்னொருவன் 115 செ.மீ. சின்னவனுக்கு ஏற்றபடி மேசையைத் தாழ்த்தினால் பெரியவள் கூன் போட்டு எழுதுவாள், இரண்டே வருடத்தில் மேசையே இருவருக்கும் போதாது. அதனால் மேசையைப் பெரியவள் வளரப்போகும் உயரத்துக்கே, 71 செ.மீ.க்கு வைத்துவிட்டு, நாற்காலியையும் கால் பலகையையும் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றுவது என்று முடிவு செய்தோம். பலகை பொது, உட்காரும் உயரம் அவரவருடையது.

இதற்கு அளவெடுப்பது சுலபம். பிள்ளையைத் தட்டையான நாற்காலியில் உட்காரவைத்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். இருக்கையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்து, அதோடு இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக்கொண்டால், இருக்கைக்கும் மேசைக்கும் இடையே வேண்டிய இடைவெளி வந்துவிடும். அப்போது மகனுக்கு இது 22 செ.மீ. மேசை 71 என்றால் இருக்கை 49-ல் இருக்க வேண்டும். ஆனால் பாதம் முதல் முழங்கால் மடிப்பு வரை அவனுக்கு 31 செ.மீ.தான். மீதி 18 செ.மீ.க்குக் கால் அந்தரத்தில் தொங்கும். அந்த 18 செ.மீ.தான் கால் பலகையின் உயரம். மகளுக்கு இதே கணக்கில் இடைவெளி 25, இருக்கை 46, கால் பலகை 9 செ.மீ. வந்தது.

மகனுடைய கால் பலகையை 6 செ.மீ. உயரமுள்ள மூன்று அடுக்காகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போல்ட் போட்டு இறுக்கினோம். இந்த அறையில் செய்த வேலைகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான் என்பேன். இப்போது அவன் 132 செ.மீ. இருக்கை 47-க்கு இறங்கிவிட்டது, ஓர் அடுக்கைக் கழற்றிப் பலகையை 12 செ.மீ. ஆக்கியாகிவிட்டது. 155 செ.மீ. தொட்டுவிட்ட மகளுக்கு இருக்கை 43, கால் நேராகத் தரையில். அவளுடைய பலகை இப்போது பீரோவுக்கு மேல் இருப்பதை எட்டி எடுக்க உதவுகிறது.

எப்போது மாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் வாயால் சொல்லமாட்டார்கள், உட்காருவதைப் பார்த்தாலே தெரியும். ஒரு காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்தால், மேசை அவனுக்கு உயரமாக இருக்கிறது, தன்னையே கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறான் என்று பொருள். நாற்காலிக் காலைப் பாதத்தால் சுற்றிப் பிடித்தால் கீழே ஊன்ற இடமில்லை. எழுதும் கையின் தோள் மட்டும் காதை நோக்கி ஏறியிருந்தாலும் மேசை உயரம்தான் காரணம். பள்ளி திறக்கும்போது ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் டேப்பை எடுத்துவிடுகிறேன். அடியில் சக்கரம் வைத்த நாற்காலி மட்டும் வேண்டாம். கால் பலகையில் உந்தினால் அது பின்னால் நழுவும், அப்புறம் படிப்பாவது ஒன்றாவது, அது ரங்கராட்டினம்தான். இருக்கை நீளமாக இருந்தால் முதுகுப் பக்கம் ஒரு தலையணை வையுங்கள். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் சரி.

கொஞ்ச நாள் போனதும் மகளிடமிருந்து ஒரு புகார். “அம்மா, தம்பி ரப்பர் தேய்ச்சா என் கோடு கோணலாப் போகுது.” பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால் உண்மைதான். 18 மி.மீ. பிளைவுட் பலகை, இரு ஓரத்திலும் கால், நடுவில் ஒன்றுமில்லை. சின்னவன் அழிப்பதோ மெதுவாக அல்ல, தாள் கிழியும் வேகத்தில். அந்த ஆட்டம் பலகை முழுக்கப் போய் அவளுடைய ஜியாமெட்ரி படத்தில் முடிகிறது. பின் விளிம்பைச் சுவரோடு மூன்று எல் ஆங்கிள் வைத்து ஸ்க்ரூ போட்டு, நடுவில் ஒரு காலும் கொடுத்த பிறகு ஆட்டம் நின்றது. பலகை நடுவில் தொய்வதற்கும் அந்தக் கால்தான் மருந்து. புதிதாகச் செய்பவர்கள் இடம் இருந்தால் பலகையையே இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கால் கொடுத்து ஒட்டிப் போடலாம். பார்க்க ஒரே மேசை, ஆட்டம் மட்டும் தாண்டாது.

வெளிச்சத்தில் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். மகன் இடது கைப் பழக்கம், மகள் வலது கை. எழுதும் கையின் நிழல் எழுத்தின்மேல் விழக்கூடாது என்றால் வலது கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்தும் இடது கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வர வேண்டும். மகனை இடது பாதியிலும் மகளை வலது பாதியிலும் உட்காரவைத்தால், நடுவில் நிற்கும் ஒரே விளக்கு இருவருக்கும் சரியான பக்கமாகிவிடுகிறது. எழுதும் முழங்கைகளும் ஆளுக்கொரு வெளிப்பக்கம் போய்விடுவதால் இடித்துக்கொள்வதில்லை. இருவரும் வலது கைக்காரர் என்றால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது ஒரு விளக்கு நடுவிலும் இன்னொன்று இடது ஓரத்திலும் வேண்டும், இரண்டு விளக்குக்குக் குறைத்து யோசிக்காதீர்கள்.

நடு விளக்கில் ஒரு சிக்கல் உண்டு. எங்களுடையது நீளமான தலை கொண்ட எல்இடி மேசை விளக்கு, மேசைக்கு 45 செ.மீ. மேலே. மகளுக்கு அது கண்ணைவிடச் சற்று உயரம், பெரிய தொந்தரவில்லை. சின்னவன் நிமிர்ந்தால் அவன் கண் மேசைக்கு 30 செ.மீ. சொச்சம்தான் மேலே இருக்கும், விளக்கின் அடிப்பாகம் பளீரென்று கண்ணில் விழும். அவன் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்து, விளக்கின் இரண்டு ஓரத்திலும் கெட்டி அட்டையை 5 செ.மீ. கீழே தொங்குமாறு ஒட்டினோம். பிள்ளையின் கண் இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள், பல்பு நேராகத் தெரியக்கூடாது. நாம் நின்றுகொண்டு பார்த்தால் இது தெரியவே தெரியாது.

மேசைக்கு மேலே உள்ள அலமாரியின் அடியில் ஒரு எல்இடி பட்டையும் இருக்கிறது. அறைக்கு அழகு, எழுத்து வேலைக்கு அது மட்டும் போதவில்லை. முன்பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் வழுவழுப்பான பாடப்புத்தகத் தாளில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்புகிறது, எழுத்து வெளுத்துப்போய்த் தெரிகிறது. பக்கவாட்டு விளக்கில் அந்தப் பளபளப்பு வேறு திசைக்குப் போய்விடும். மேசைக்குக் கண்ணாடி போடாமல் மங்கலான மைக்கா ஒட்டியதும் இதற்காகத்தான். அறையின் டியூப்லைட் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில். அது மட்டும் எரிந்தால் தலையின் நிழல் நோட்டில் விழும், ஆனாலும் அணைப்பதில்லை. சுற்றிலும் இருட்டாக இருந்து நோட்டு மட்டும் பிரகாசமாக இருந்தால் கண் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது.

போதுமா என்று பார்க்க எழுதும் இடத்தில் 500 லக்ஸ் என்பது ஒரு நல்ல இலக்கு. போன் செயலிகள் காட்டும் எண் தோராயமானதுதான், இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும் உதவும். நான் நம்புவது பென்சிலை. எழுதும் நிலையில் பென்சிலைப் பிடித்துப் பாருங்கள். நிழல் பென்சில் முனைக்கு முன்னால், எழுதப்போகும் இடத்தில் கறுப்பாக விழுந்தால் விளக்கை நகர்த்த வேண்டும்.

இனி அமைதி. மூன்றிலும் கடினமானது இதுதான், பொருள் வாங்கித் தீர்கிற விஷயமும் அல்ல. கனமான திரை போட்டோம். அறைக்குள் எதிரொலி குறைந்தது, ஹாலில் ஓடும் டிவி சத்தம் அப்படியே வந்தது. துணி உள்ளே எழும் சத்தத்தை உறிஞ்சும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அதைத் தடுத்தது கதவுக்கு அடியில் இருந்த இடுக்கை அடைத்த ரப்பர் பட்டை. ஒரு விரல் அகல இடுக்குதான், ஆனால் காற்று போகும் வழியெல்லாம் சத்தமும் போகும்.

உள்ளே இருப்பவர்கள் போடும் சத்தம்தான் பெரிய விஷயம். மின்விசிறி இரைச்சலில் கணக்குப் போட முடியும், பக்கத்தில் ஒருவர் வாய்விட்டுப் படித்தால் முடியாது. பொருள் புரிகிற பேச்சைக் காது விடுவதில்லை. நடுவில் வைத்த 30 செ.மீ. உயர வெள்ளைத் தடுப்பு, ஒருவர் நோட்டை மற்றவர் எட்டிப் பார்ப்பதை நிறுத்தியது, சத்தத்துக்கு அதனால் துளியும் பயனில்லை. கடைசியில் நேரத்தைத்தான் பிரித்தோம். வந்ததும் முதல் அரை மணி நேரம் மனப்பாடம், வாசிப்பு. அப்போது ஒருவர் ஹாலுக்குப் போய்விட வேண்டும், டிவி கிடையாது. அதன்பின் இருவரும் மேசையில், எழுத்து வேலை மட்டும். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் தாளில் குறித்துவைத்து இடைவேளையில் கேட்பது. சின்னவனுக்கு இந்தக் கடைசி விதி இன்னும் பாதிநாள் நினைவில்லை, அதுவும் பரவாயில்லை.

தேர்வுக் காலத்தில் இது உடைகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் மனப்பாடம் வேண்டும், அறையோ ஒன்று. அப்போது மகள் எங்கள் படுக்கையறைக்குப் போகிறாள், மடியில் பலகை, கட்டிலில் சாய்ந்து. உட்காரும் விதம் மோசம், வெளிச்சமும் சுமார், தெரிந்தேதான் விடுகிறோம். எழுத்து வேலைக்கு மட்டும் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்து வரப்போவது அவளுடைய உயரம். 165 செ.மீ. தாண்டினால் 71 அவளுக்குத் தாழ்வாகிவிடும், 75 வேண்டியிருக்கும். ஆங்கிளைக் கழற்றிக் கால்களின் அடியில் 4 செ.மீ. கட்டை கொடுத்துத் திரும்ப ஸ்க்ரூ போடலாம் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சின்னவனின் கழற்றிய அடுக்கைத் தேட வேண்டியிருக்கும், அதனால் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம்.