ஷிஃப்ட் அட்டவணை விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

குமுளியில் தங்கும் விடுதி நடத்துகிறோம். ஐயப்ப சீசனில் இரவு முழுவதும் ஆள் வேண்டும் என்பதால், ஒரே ஆளின் இரண்டு ஷிஃப்ட் மோதினால் சிவப்பாகக் காட்டும், வார மணிநேரத்தைத் தானே கூட்டும் என்று சொல்லி ஒருவர் விற்ற எக்செல் அட்டவணையை 4,000 ரூபாய்க்கு வாங்கினோம். வண்ணமெல்லாம் அமர்க்களம். கணக்குதான் இல்லை.

வாரக் கடைசியில் வரவேற்பு மேசைப் பையன் வந்து, "அண்ணே, ஒரு வாரத்துக்கு நான் நாலு மணி நேரம்தான் வேலை பார்த்தேனா?" என்று கேட்டான். ஐந்து நாள் எட்டு மணி, சனிக்கிழமை பன்னிரண்டு மணி, மொத்தம் 52. அட்டவணை காட்டியது 04:00. எக்செல் ஒரு நாளை 1 என்று வைத்துத்தான் நேரத்தைக் கணக்கிடுகிறது. கூட்டுத்தொகைக் கட்டத்துக்கு `hh:mm` வடிவம் கொடுத்தால் முழு நாட்களை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். `[h]:mm` என்று கொடுத்திருந்தால் 52:00 வந்திருக்கும். கேரளத்தின் கடைகள் சட்டத்தில் வார வரம்பு 48 மணி நேரம். சரியாக 48 மணி உழைத்தவருக்கு இந்த அட்டவணை 00:00 போடும்!

மோதல் விஷயம் இதைவிட மோசம். அதே பையனுக்கு வெள்ளி இரவு 10 முதல் காலை 6 வரை ஒரு ஷிஃப்ட், சனி காலை 5 முதல் இன்னொன்று. சிவப்பு எரியவே இல்லை. தேதியும் தொடக்க நேரமும் அச்சாக ஒன்றாக இருந்தால் மட்டுமே எரியும்படி சூத்திரம் எழுதியிருந்தார். விற்றவரிடம் கேட்டதற்கு, "இரவு ஷிஃப்டை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள் சார்" என்றார். எழுதினாலும் 12 முதல் 6 வரையிலான வரியும் 5 மணி வரியும் வேறு நேரத்தில் தொடங்குபவை, அப்போதும் எரியாது. சூத்திரங்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார். திறக்கத் தனிக் கட்டணமாம்.

தொடக்கம், முடிவு இரண்டையும் தேதியோடு சேர்த்து ஒரே கட்டத்தில் எழுத வேண்டும். A பெயர், B தொடக்கம், C முடிவு என்றால் மோதலுக்கு இது போதும்:

```
=SUMPRODUCT((A$2:A$200=A2)*(B$2:B$200<C2)*(C$2:C$200>B2))>1
```

அதே ஆளின் வேறொரு ஷிஃப்ட் இது முடியும் முன் தொடங்கி, இது தொடங்கிய பின் முடிந்தால் TRUE வரும். 2 மணிக்கு ஒன்று முடிந்து 2 மணிக்கே அடுத்தது தொடங்கினால் மோதல் இல்லை. பெயரைக் கையால் தட்டாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் எக்செலுக்கு அவர் வேறு ஆள். D கட்டத்தில் `=C2-B2`, கூட்டுவதற்கு `SUMIF`.

யாராவது அட்டவணை விற்க வந்தால், மேலே சொன்ன வெள்ளி இரவு, சனி காலை வரிகளை அவர் கண் முன்னாலேயே தட்டிப் பாருங்கள். ஒருவருக்கு 48 மணிக்கு மேல் போட்டு மொத்தத்தையும் பாருங்கள். பூட்டைத் திறந்து கொடுத்த பிறகு பணத்தை எடுங்கள். எங்கள் 4,000 இன்னும் திரும்பி வரவில்லை. அவர் தொலைபேசியை எடுப்பதும் இல்லை.