மொத்தத் தொகை மாறாத பில்லில் ஒளிந்திருக்கும் கட்டணம்: போஸ்ட்பெய்டு பில்லை வரிவரியாகப் படித்த அனுபவம்

எங்கள் வீட்டுப் போஸ்ட்பெய்டு இணைப்புகளின் பில்களைப் பல ஆண்டுகளாக நான்தான் பார்த்து வருகிறேன். கேட்காத சேவைக்கான கட்டணம் பில்லில் நுழைந்தால் மொத்தத் தொகை கூடும், கூடினால் கண்ணில் பட்டுவிடும் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். நான் கண்ட வரையில், நெடுநாள் தங்கிவிடுகிற கட்டணங்கள் மொத்தத் தொகையைக் கூட்டாதவையே. அப்படி ஒன்று என் அண்ணனின் பில்லில் எப்படி அகப்பட்டது என்பதை முழுமையாக எழுதுகிறேன். தொகைகளை எந்த நாட்டு நாணயத்திலும் சொல்லாமல், அவருடைய திட்டத்தின் மாத வாடகையை 100 என்றும், வரியை 10 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே அளவில் தருகிறேன்.

முதலில் பில்லின் அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் இருப்பது சுருக்கம் மட்டுமே: முந்தைய பாக்கி, செலுத்திய தொகை, சரிக்கட்டல், இம்மாதக் கட்டணம், செலுத்த வேண்டிய மொத்தம். இம்மாதக் கட்டணத்துக்குள் மாத வாடகை, பயன்பாட்டுக் கட்டணம், ஒருமுறைக் கட்டணம், பாட்டு, விளையாட்டு போன்ற மதிப்புக்கூட்டுச் சேவைகள், தள்ளுபடி, வரி ஆகியவை அடங்கும். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறலாம். வகைகள் ஏறக்குறைய இவைதான். இவற்றில் வாடகை பெரும்பாலும் வரப்போகும் மாதத்துக்கு முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. பயன்பாடும் மதிப்புக்கூட்டுச் சேவைகளும் முடிந்த மாதத்துக்குப் பின்னர் வசூலிக்கப்படுகின்றன. ஆகவே ஒரே பில்லில் இரண்டு வெவ்வேறு காலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒவ்வொரு கட்டணத்துக்கும் எதிரே எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கும் பத்தியைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்ப்பவருக்குப் பில் பிடிபடாது.

அண்ணனுடைய பில் சுழற்சி ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 4-ஆம் தேதி முடியும். வழக்கமாக வாடகை 100, வரி 10, ஆக மொத்தம் 110 வரும். ஒரு மாதம் நீண்டநாள் வாடிக்கையாளர் என்ற வகையில் அவருக்கு 10 தள்ளுபடி கிடைத்திருப்பதாக எஸ்.எம்.எஸ். வந்தது. அந்த மாதப் பில்லும் 110 என்றே வந்தது. தள்ளுபடி அடுத்த மாதத்திலிருந்துதான் போலும் என்று அவர் கட்டிவிட்டார். அடுத்த பில் 107.80 வந்தது, குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்து அதையும் கட்டினார். தள்ளுபடி 10 என்றால் வரிக்கு முந்தைய தொகை 90 ஆகவும், மொத்தம் 99 ஆகவும் இருக்க வேண்டும். 107.80 என்ற எண் அந்தக் கணக்கில் எங்கும் பொருந்தவில்லை. அதனால்தான் இரண்டு பில்களின் முழு விவரப் பிரதியையும் இறக்கிப் பார்த்தேன்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுவே. பில்லை மொத்தத்திலிருந்து கீழ்நோக்கிப் படிக்காமல், வர வேண்டிய தொகையை முதலில் நாமே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: வாடகை, கழிக்க வேண்டிய தள்ளுபடி, நாமே கேட்டு வாங்கிய கூடுதல் பேக் ஏதேனும் இருந்தால் அது, அவ்வளவுதான். வரியைச் சேர்க்காமல் இந்தத் தொகையைப் பில்லில் வரிக்கு முன்னுள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும். வரியோடு சேர்த்து ஒப்பிட்டால் வித்தியாசம் உடைந்த எண்ணாக வந்து, அது என்னவென்று அடையாளம் காண்பது கடினமாகிவிடும். வரியை நீக்கினால் வித்தியாசம் பெரும்பாலும் முழு எண்ணாக நிற்கும். அந்த எண்ணே எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

அண்ணனின் பில்லில் முதல் மாத வித்தியாசம் 10, இரண்டாம் மாத வித்தியாசம் 8. மாதச் சந்தா என்றால் இரண்டு மாதமும் ஒரே தொகை இருக்க வேண்டும். பயன்பாட்டுக் கட்டணம் என்றால் இவ்வளவு சீரான எண் வருவது அரிது. 10-க்கும் 8-க்கும் பொதுவான 2 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால், ஒரு மாதம் ஐந்து முறையும் அடுத்த மாதம் நான்கு முறையும் பிடிக்கப்பட்ட வாரச் சந்தாவாக இருக்கலாம் என்று தோன்றியது. விவரப் பக்கத்தில் மதிப்புக்கூட்டுச் சேவைகள் என்ற தலைப்பின் கீழ் அது அப்படியே இருந்தது. 5, 12, 19, 26, அடுத்த மாதம் 2 ஆகிய தேதிகளில் தலா 2. அடுத்த பில்லில் 9, 16, 23, 30 ஆகிய தேதிகளில் தலா 2. ஏழு நாள் இடைவெளி தவறவே இல்லை. 31 நாள் கொண்ட சுழற்சியில் ஐந்து புதுப்பிப்புகளும், 30 நாள் கொண்ட சுழற்சியில் நான்கும் விழுந்திருந்தன. பில் குறைந்ததற்குக் காரணம் அவ்வளவே. தள்ளுபடி முதல் மாதத்திலேயே சரியாக வந்திருக்கிறது. அதை முதல் மாதம் முழுவதுமாகவும் அடுத்த மாதம் பெரும்பகுதியாகவும் இந்தச் சந்தா விழுங்கியிருக்கிறது.

அந்தப் பதிவுகளில் சேவையின் பெயர் என்று பொருள் விளங்கும்படி எதுவும் இல்லை. ஓர் இடைத்தரகு நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமும் ஐந்து இலக்கக் குறுங்குறியீடும் மட்டுமே இருந்தன. பெயரைப் பார்த்து இது என்ன சேவை என்று யோசிப்பதில் காலம் வீணாகும். தேதியும் நேரமும்தான் பேசும். முதல் பதிவு 5-ஆம் தேதி இரவு 11.42 என்று காட்டியது. அதே பில்லின் டேட்டா பயன்பாட்டுப் பட்டியலில், அந்த நேரத்தை உள்ளடக்கிய ஓர் இணைப்பு பதிவாகியிருந்தது. அதாவது, அப்போது அவருடைய போன் வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், இத்தகைய சந்தாக்கள் தொடங்கும் வழிகளுள் ஒன்று மொபைல் டேட்டா வழியாகவே நடப்பது. மொபைல் டேட்டாவில் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அது யாருடைய இணைப்பு என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட சேவையாளரின் பக்கம் என்றால், எண்ணையோ எண்ணுக்கு ஈடான ஓர் அடையாளத்தையோ நிறுவனமே அந்தப் பக்கத்துக்குத் தெரிவித்துவிடும். எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, அட்டை விவரம் கேட்கப்படுவதில்லை. விளம்பரத்தின் மேல் தோன்றும் ஒரு பொத்தானைத் தொட்டாலே, ஓ.டி.பி. கேட்காத ஏற்பாடுகளில், ஒப்புதல் கொடுத்ததாகப் பதிவாகிவிடும். வைஃபையில் இருந்தால் நிறுவனத்தால் எண்ணை இப்படி அடையாளம் காண முடியாது. அப்போது எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டே ஆக வேண்டும். அந்த நேரத்தில் தன் மகனிடம் விளையாடப் போனைக் கொடுத்திருந்ததாக அண்ணன் பிறகு நினைவுகூர்ந்தார். இடையில் வரும் விளம்பரங்களில் ஒன்றைக் குழந்தை தொட்டிருக்கலாம்.

எல்லா வித்தியாசமும் இப்படிப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சுழற்சியின் நடுவில் திட்டத்தை மாற்றினால், 30 நாளில் 15 நாள் மிச்சமிருக்கும்போது 100 வாடகையிலிருந்து 120-க்குப் போகிறோம் என்று வைத்துக்கொண்டால், பழைய திட்டத்துக்கு 50 கழிவும், புதியதற்கு 60 பற்றும், அடுத்த மாத முன்வாடகை 120-உம் சேர்ந்து 130 வரும். இது நியாயமான கணக்கு. அடுத்த மாதம் 120-க்கு இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். ரோமிங் கட்டணமும் அப்படியே. வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பதிவு தாமதமாக வந்தால், ஊர் திரும்பிய பிறகு வரும் பில்லில்கூடப் பழைய தேதியிட்டு வரும். பயணத் தேதிகளோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

புகார் செய்யும்போது நான் கேட்டது ஒன்றே: இந்தச் சந்தா எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வழியில் தொடங்கப்பட்டது, ஒப்புதல் பதிவு எங்கே? எஸ்.எம்.எஸ்., இணையப் பக்கம், குரல் அழைப்பு, ஸ்டார் குறியீடு என்று வழி ஏதாவது ஒன்றாக அவர்களுடைய கணினியில் பதிவாகியிருக்கும். எனக்கு இந்தச் சேவை தேவையில்லை, நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னால், நேற்று வரை தேவைப்பட்டது என்று ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. நிறுத்துவார்கள், பணம் திரும்பாது. முதலில் பேசியவர் நிறுத்தித் தருவதாகவே சொன்னார். ஒப்புதல் பதிவை எழுத்தில் கேட்டுப் புகார் எண் வாங்கிய பிறகுதான், அடுத்த பில்லில் சரிக்கட்டலாகத் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது. அண்ணன் இரண்டு பில்களையும் முன்பே கட்டிவிட்டார்; கட்டாத பில் இருந்தால், அதில் தகராறில்லாத தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும். தாமதக் கட்டணம் என்று புதிதாக ஒன்று நுழைந்து கணக்கைக் குழப்பக் கூடாது.

சந்தாவை நிறுத்துவதும், வெளிச் சேவையாளர்கள் பில்லில் சேர்க்கும் மூன்றாம் தரப்புக் கட்டணங்களுக்குத் தடை போடுவதும் வேறு வேறு. நிறுத்தினால் அந்த ஒரு சேவை மட்டுமே போகும்; அடுத்த விளம்பரம் இன்னொன்றைத் தொடங்கலாம். எண்ணில் இந்த வழியையே மூடச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தத் தடைக்கு ஒரு விலை உண்டு: ஆப் ஸ்டோரில் வாங்குவதை மொபைல் பில்லில் சேர்க்கும் வசதி இருந்தால் அதுவும் நின்றுபோகலாம். அந்த வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவர்களுடைய பில்லில் ஸ்டோரின் பெயர் மட்டுமே இருக்கும்; எந்த ஆப்புக்கு எவ்வளவு போனது என்பது பில்லில் இராது. ஸ்டோர் கணக்கில் உள்ள வாங்கிய வரலாற்றைத் தேதிவாரியாக ஒப்பிட்டால்தான் தெரியும்.

அடுத்த பில்லில் சரிக்கட்டல் வந்தது: 18. ஒன்பது முறை தலா 2 என்ற கணக்கு சரிதான், ஆனால் அந்த 18-க்கு அவர் கட்டிய வரி 1.80 திரும்பவில்லை. சரிக்கட்டல் வரிக்கு முந்தைய தொகையில் கழிக்கப்பட்டால் வரி தானாகக் குறைந்துவிடும். இங்கே அதை வரிக்குப் பிறகு, மொத்தத்திலிருந்து கழித்திருந்தார்கள். பில்லில் சரிக்கட்டல் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதியதும், மீதி 1.80 அதற்கடுத்த பில்லில் வரவு வைக்கப்பட்டது. அந்தப் பில்லில் மதிப்புக்கூட்டுச் சேவைகள் என்ற தலைப்புக்கு எதிரே பூச்சியம் இருந்தது. வரிக்கு முந்தைய தொகை 90.