தொப்பி நிழல்: வெள்ளை அட்டையா, லைட்ரூம் மாஸ்க்கா?

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சியிலிருந்து இறங்கும். படம் எடுத்தால் தொப்பியின் நிழல் நெற்றியையும் கண்ணையும் மூடிவிடும். வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பலாம்; அல்லது பிறகு லைட்ரூம் செயலியில் மாஸ்க் போட்டு, முகத்தை மட்டும் தேர்ந்து வெளிச்சமாக்கலாம்.

செலவு: அட்டைக்குச் சில வெள்ளி போதும். மாஸ்க்குக்குச் சந்தா கட்டவேண்டும்.

இயல்பு: இதுதான் முக்கியம். அட்டையை மார்பளவில் சாய்த்துப் பிடித்தால் தொப்பியின் அடிப்பக்கமும் சேர்ந்தே வெளிச்சமாகும். கண்ணில் ஒளிப்புள்ளியும் விழும். மாஸ்க்கில் முகம் மட்டும் வெளுத்து, தொப்பியின் அடி கறுப்பாகவே நின்றால் திருத்தியது உடனே தெரியும். ஆகவே அங்கேயும் லேசாகப் பிரஷ் ஓட்டுங்கள். எக்ஸ்போஷரை 0.5 அளவில் நிறுத்தி, கொஞ்சம் நிழலை விட்டுவையுங்கள். தோல் சாம்பல் பூத்தால் வெப்பநிறத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

நிற்கவைத்து எடுக்கும் படத்துக்கு என் தேர்வு அட்டைதான். ஓடியாடும் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே எடுத்த படத்துக்கும் மாஸ்க். ரா கோப்பாக இருந்தால் நிழலை வெளிச்சமாக்கும்போது விவரம் கூடுதலாகக் கிடைக்கும்.