இறுகிப்போன ஆங்கிள் காக்கில் பைப் ரென்ச் போட விடாதீர்கள்

மதுரை திருநகரில் வாடகைக்கு இருந்தபோது பட்டது. போர் தண்ணீர் புழங்குகிற வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஒழுகியது. அதற்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை அடைக்கப் பார்த்தால் அசையவே இல்லை. கைப்பிடி அடியில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. ஓனருக்குப் போன் போட்டேன். "இதுக்கெல்லாம் பிளம்பரா தம்பி? நல்லா அமுக்கித் திருகினா வரும்" என்றார். சாயங்காலமே தன் கட்டட வேலையில் இருந்த ஒருவரை அனுப்பினார். அவர் பைப் ரென்ச்சைப் போட்டு ஒரே இழுப்பு. 'டக்' என்று சத்தம். காக் மூடிக்கொண்டது, ஒழுகலும் நின்றது. எனக்கும் சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் பாத்ரூமுக்குப் பின்பக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்தது. காக்கிற்குக் கீழே டைல்ஸைத் தட்டினால் பொள்ளென்று கேட்டது.

அப்புறம் வந்த பிளம்பர் நான்கு டைல்ஸை உடைத்துக் காட்டினார். உப்பில் இறுகியது கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் உள் தண்டான ஸ்பிண்டில். ரென்ச் இழுத்த இழுப்பில் ஸ்பிண்டிலோடு காக்கின் உடம்பும் சேர்ந்து திரும்பிவிட்டது. உடம்பு திரும்பியதும் சுவருக்குள் பைப் வளையும் இடத்தில் இருந்த எல்போவும் சேர்ந்து முறுகிவிட்டது. சிபிவிசி எல்போ பிளாஸ்டிக், அதற்குள் பதித்த மரை மட்டும் பித்தளை. இரண்டும் சேருமிடத்தில் விரிசல். அதனால்தான் வெளியே ஒரு சொட்டு இல்லை, கசிவு முழுக்கச் சுவருக்குள் போயிருக்கிறது.

முதலிலேயே தன்னைக் கூப்பிட்டிருந்தால், மாடித் தொட்டியின் கேட் வால்வை அடைத்துவிட்டு, உடம்பை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் கழற்றி ஸ்பிண்டிலை மாற்றியிருப்பேன் என்றார். அரை மணி நேர வேலையாம்.

காலி செய்யும்போது ஓனர் அட்வான்ஸில் 5,500 ரூபாய் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே திருகச் சொன்னீங்க" என்கிறார். எல்லாம் போனில் பேசியது, என் கையில் ஒரு வரி ஆதாரம் இல்லை.

இப்போதைய வீட்டில் ஷவர் காக் இறுகியது. நான் தொடவே இல்லை. போட்டோவோடு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்:

"சார், வணக்கம். ஷவர் காக் உப்பு பிடித்து இறுகிவிட்டது, போட்டோ பாருங்கள். கையால் லேசாகத் திருப்பிப் பார்த்தேன், வரவில்லை. பலமாகத் திருகினால் சுவருக்குள் எல்போ உடையும், டைல்ஸ் பெயர்க்க வேண்டிவரும். யாரும் ரென்ச் போட வேண்டாம். பிளம்பரை அனுப்புங்கள், இல்லையென்றால் சொல்லுங்கள், நானே கூட்டி வந்து பில்லை அனுப்புகிறேன். அதுவரை பக்கெட்டில் குளித்துக்கொள்கிறோம்."

"சரி தம்பி, நாளைக்கு ஆள் வரும்" என்று பதில் வந்தது. வந்தவர் பையைத் திறந்ததும் முதலில் கேட்டது, "மாடிக்கு வழி எது, வால்வை அடைக்கணும்."