மேல்முறையீட்டுக்குப் பதில் வரலையா? புது மனுவில் கையெழுத்துப் போடாதீங்க

கோத்தகிரி பக்கம் ஒரு குடும்பத்துக்கு நடந்தது. ஆர்.டி.ஐ.யில் முதல் மேல்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

பட்டா மாறுதல் கோப்பின் நகல் கேட்டு மே 10ல் மனு கொடுத்தார்கள். 30 நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு ஜூன் 20ல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை எல்லாம் சரி. ஆகஸ்டில், ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற ஒருவர், "பழசு தூங்கிடுச்சுங்க, புதுசாப் போட்டா உடனே எடுப்பாங்க" என்று காசு வாங்கிக்கொண்டு அதே கேள்விகளோடு புது மனு போட வைத்தார். செப்டம்பரில் இன்னொன்று.

புது மனு என்றால் மறுபடி முதலிலிருந்து 30 நாள். பழைய மேல்முறையீட்டின் கெடுவோ யாருக்காகவும் நிற்காது. முதல் மேல்முறையீட்டை 30 நாளில் முடிக்க வேண்டும். காரணத்தை எழுதி வைத்தால் 45 நாள் வரை எடுக்கலாம். முடிவே வராவிட்டாலும், வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, அதாவது பிரிவு 19(3)ன் கீழ், போக வேண்டும். 45ஐ நம்பாமல் 30லிருந்தே எண்ணுங்கள். இவர்களுக்கு ஜூலை 20ல் தொடங்கி அக்டோபர் 18ல் கெடு முடிந்தது. அந்தத் தேதியை அந்த ஆள் சொல்லவே இல்லை.

நவம்பரில் அவர் எழுதிக் கொடுத்தது பிரிவு 18ன் கீழ் ஒரு புகார். கேட்க மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் புகாரில் அலுவலருக்கு அபராதம் போடலாமே தவிர, தகவலைக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. நகல் வேண்டுமென்றால் 19(3)தான் வழி.

கெடுவுக்குள் இருப்பவர்கள் முதல் மனு, முதல் மேல்முறையீடு, இரண்டும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி ஆகியவற்றின் நகல்களை வைத்து அனுப்புங்கள். தபால் டிராக்கிங் பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்துவிடுங்கள். மழையில் ரோடு அடைபட்டால் தபாலும் தாமதமாகும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

அனுப்பிய பிறகு ஆணையத்தில் மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. அப்போது எழுத வேண்டியது நினைவூட்டல் மட்டும். தலைப்பில் 'மேல்முறையீடு' என்ற சொல்லே வரக் கூடாது, வந்தால் புது வழக்காகப் பதிவாகிவிடலாம். ஆணையம் கொடுத்த வழக்கு எண், அனுப்பிய தேதி, "நிலை என்ன" என்ற ஒரு கேள்வி போதும். புதிதாக ஒரு தகவலையும் சேர்த்துக் கேட்காதீர்கள்; முதல் மனுவில் இல்லாததைக் கேட்டால், அதையே சாக்காக வைத்துத் தள்ளுவார்கள். எஸ்டேட் குடியிருப்பைக் காலி செய்து கீழே மேட்டுப்பாளையம், கோவை என்று போனவர்கள் புது விலாசத்தையும் அதே எண்ணைப் போட்டுத் தெரிவியுங்கள். இல்லையென்றால் விசாரணை நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

90 நாள் தாண்டியவர்கள் தாமதத்துக்கான காரணத்தைத் தனித்தாளில், தேதி வாரியாக எழுதி, இரண்டாம் மேல்முறையீட்டோடு இணைக்கலாம். போதிய காரணம் இருப்பதாகக் கருதினால் ஆணையம் ஏற்கலாம். இடையில் போட்ட புது மனுக்களையும் அதில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அலுவலகம் எப்படியும் அவற்றை எடுத்துக் காட்டும்.