ஒரே நீள ஷீட்டா, இரண்டு துண்டா? சரிவுக் கூரைக்கு ஒரு கணக்கு

சரிவுக் கூரைக்கு ஷீட் எண்ணும்போது, மேலிருந்து கீழ்வரை ஒரே ஷீட்டா அல்லது நடுவில் ஓவர்லேப் வைத்து இரண்டு துண்டா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஷீட், அதைக் குறுக்காகத் தாங்கும் பைப்பான பர்லின், ஸ்க்ரூ மூன்றின் எண்ணிக்கையும் அதைப் பொறுத்துத்தான் வரும். இரண்டையும் ஒரே கூரையில் வைத்துப் பார்க்கலாம்.

ஒருபக்கச் சரிவு. நீளம் 16 மீட்டர், கிடைமட்ட அகலம் 6 மீட்டர், உயரம் 1.1 மீட்டர். விளிம்புகளில் வெளியே நீட்டுவதும் இதற்குள் அடக்கம். ஷீட்டின் நீளத்தைக் கிடைமட்ட அளவில் வாங்கக் கூடாது. 36-உடன் 1.21-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சரிவு நீளம் 6.1 மீட்டர். 6 மீட்டர் ஷீட் வாங்கினால் கீழ்விளிம்பில் 10 செ.மீ. குறைந்து, மழைநீர் சுவரில் வழியும்.

அகலத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஷீட்டின் முழு அகலம் 1.07 மீட்டர் என்றாலும், பக்க ஓவர்லேப் போக அது மூடுவது 1 மீட்டர்தான். முழு அகலத்தால் வகுத்தால் 15 ஷீட் போதும் என்று வரும். உண்மையில் 16 வேண்டும். அந்த ஒரு ஷீட் குறைவது கடைசி வரிசையில்தான் தெரியவரும். அதற்குள் மற்றவை எல்லாம் முடுக்கப்பட்டிருக்கும்.

ஆக, ஒரே நீளம் என்றால் 6.1 மீட்டரில் 16 ஷீட். இரண்டு துண்டு என்றால் 32 ஷீட், வரிசைக்கு 20 செ.மீ. ஓவர்லேப் கூடுதல். 10 டிகிரி அளவிலான இந்தச் சரிவுக்கு அதைவிடக் குறைக்க மாட்டேன். மொத்தத்தில் 3.2 மீட்டர் ஷீட்தான் அதிகம். ஆனால் அளவுக்கு வெட்டித் தராமல், 10 அடியும் 12 அடியுமாக வாங்கினால் கிட்டத்தட்ட 10 மீட்டர் ஷீட் ஓவர்லேப்பிலேயே போய்விடும்.

இனி பர்லின். இங்கேதான் இரண்டு துண்டு முறை பலரை ஏமாற்றுகிறது. கீழ்ப் பர்லின் விளிம்பிலிருந்து 30 செ.மீ. மேலே, கடைசிப் பர்லின் உச்சியிலிருந்து 10 செ.மீ. கீழே என்று வைத்தால் இடையில் 5.7 மீட்டர். இடைவெளி 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றால் 5 இடைவெளி, 6 பர்லின், ஒவ்வொன்றும் 1.14 மீட்டர் தள்ளி. ஷீட்டைச் சரிபாதியாக வெட்டினால் ஓவர்லேப் கீழ்விளிம்பிலிருந்து 2.95 முதல் 3.15 மீட்டரில் விழும். அங்கே பர்லினே இல்லை. பக்கத்தில் இருப்பவை 2.58-லும் 3.72-லும். நடுவில் தாங்கல் இல்லாத ஓவர்லேப், ஆள் மிதித்தால் தாழ்ந்து வாய் திறக்கும். அதற்காகப் பர்லினை நகர்த்தினால் 7 ஆகிவிடும். அதைவிட ஷீட்டை மாற்றுங்கள். கீழே 3.82 மீட்டர், மேலே 2.48 மீட்டர் என்று வெட்டினால் ஓவர்லேப் 3.72 மீட்டர் பர்லின் மேலேயே உட்காரும். 6 பர்லினே போதும்.

பர்லின் பைப் 6 மீட்டர் நீளம் என்றால் வரிசைக்கு மூன்று, மொத்தம் 18 என்று தோன்றும். பர்லினைத் தாங்கும் சரிவுச் சட்டங்களான ராஃப்டர்கள் 2 மீட்டருக்கு ஒன்று இருந்தால் 16 போதும். முதல் வரிசையில் 6, 6, 4. அடுத்ததில் 2, 6, 6, 2. மூன்றாவதில் 4, 6, 6. அடுத்த மூன்று வரிசையும் இதேபோல. மீதித் துண்டுகளும் தீர்ந்துவிடும், இணைப்பு எல்லாம் ராஃப்டர் மேலேயே வரும், பக்கத்து வரிசை இணைப்புக்கு நேராகவும் வராது.

ஸ்க்ரூவுக்கு வருவோம். ஷீட்டுக்கு 5 மேடு என்றால், மேல், கீழ்ப் பர்லின்களில் ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் உள்ள நான்கில் மூன்று மேட்டிலும் அடித்தால் ஷீட்டுக்கு 22. 16 ஷீட்டுக்கு 352, கடைசி ஓர மேட்டுக்கு 6 சேர்த்து 358. இரண்டு துண்டில் ஓவர்லேப் பர்லினிலும் எல்லா மேட்டிலும் அடிக்க வேண்டியிருப்பதால் 32 கூடி 390. இவை தவிர, பக்க ஓவர்லேப்பில் ஷீட்டோடு ஷீட்டை இணைக்கும் சிறு ஸ்க்ரூ, இடைவெளிக்கு ஒன்று வீதம் 75. சிந்துவதற்கு 5 சதவீதம் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டு துண்டு முறைக்கு இன்னொரு செலவும் உண்டு. ஓவர்லேப்புக்குள் இரண்டு வரியாகச் சீலன்ட் டேப், 32 மீட்டர். குறைந்த சரிவில் ஷீட்டுகளுக்கிடையே நீர் மேல்நோக்கி ஊறும் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. அப்படியும் நான்கு ஷீட்டுகளின் மூலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரும் இடத்தில் தடிமன் கூடி, ஷீட் சற்றுத் தூக்கி நிற்கும். உள்ளிருந்து பார்க்கும்போது பர்லினை ஒட்டி ஒரே கோட்டில் துருக்கறை தெரிந்தால், கசிவு பெரும்பாலும் இந்த மூலைகளிலிருந்துதான்.

அதனால் 6.1 மீட்டர் ஷீட்டை வளைக்காமல் மேலே ஏற்ற வழி இருந்தால், நான் ஒரே நீளத்தையே எடுப்பேன். வெயிலில் விரிவதைப் பற்றிய பயமும் இந்த அளவுக்கு வேண்டாம். 40 டிகிரி வெப்பம் ஏறினாலும் எஃகு ஷீட் 3 மி.மீ. அளவுதான் நீளும். சந்து குறுகலாக இருந்து நீள ஷீட் உள்ளே திரும்பாது என்றால் இரண்டு துண்டுதான். அப்போது முதலில் பர்லின் இடங்களைத் தாளில் குறித்து, அப்புறம் ஷீட் அளவைக் கடைக்குச் சொல்லுங்கள்.